"அவங்க வந்து பேக்கைக் குடுத்தாங்க": ஒரு சாட்சி வாக்கியம் ஸ்பானிய மொழிக்குப் போன விதம்

"அவங்க வந்து... பேக்கை அந்த அம்மாகிட்ட குடுத்தாங்க சார்."

சாட்சிக் கூண்டில் நின்ற ஜாகா, அதாவது காவலாளி, சொன்னது இது. தமிழ் தெரிந்தவர் யாருக்கும் இதில் புரியாத சொல் ஒன்றுமில்லை. ஆனால் இதை ஸ்பானிய மொழியில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பது எனக்குத் தெரிந்தது. கொடுத்தது ஒருவரா, பலரா? கொடுத்தவர் எங்கிருந்தாவது வந்தாரா, இல்லை அந்த "வந்து" யோசிக்கும்போது நம் வாயில் வரும் வெறும் இழுப்பா?

இடம் கோலாலம்பூரில் ஒரு நீதிமன்றம். எந்த அறை, எந்த ஆண்டு என்பதெல்லாம் வேண்டாம். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மொழி சம்பந்தப்பட்டதை மட்டும் மாற்றவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண். அவருக்கு ஸ்பானிய மொழி மட்டும்தான் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு சிறிய ஓட்டலில் அவர் கையில் இருந்த பெட்டியின் போலி அடித்தட்டில் கொக்கெய்ன் இருந்தது. நம் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி கொக்கெய்ன் 40 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். பொருள் உன் கட்டுப்பாட்டில் இருந்தது என்று நிரூபணமாகிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும் என்பதும் அனுமானமாகிவிடும். தெரியாது என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பாரம். 2023-இல் சட்டம் மாறியதிலிருந்து மரண தண்டனை கட்டாயமில்லை. ஆனால் நீதிபதி அதை விதிக்க இன்னும் இடமிருக்கிறது.

அந்தப் பெண்ணின் வாதம் இதுதான்: தன்னோடு ஓட்டலில் பழகிய ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பெட்டியைத் தந்தார், அவர் தனியாகத்தான் இருந்தார், துணிமணி என்று சொன்னார். அரசுத் தரப்போ, முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரு கும்பல் வந்து கைமாற்றியது என்றது. ஆகவே எத்தனை பேர் என்பதும், வந்தார்களா இல்லையா என்பதும் வழக்கின் நடு நரம்பு. அதைப் பார்த்த ஒரே ஆள் அந்த ஜாகா. அவர் தமிழில்தான் சாட்சி சொன்னார்.

அந்த அறையில் சொல் எப்படிப் பயணம் செய்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. நீதிமன்ற ஊழியரான ஜூருபாசா, அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், சாட்சியின் தமிழை உரக்க மலாயில் சொல்வார். நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் அந்த மலாயைத்தான் கேட்கிறார்கள். எழுத்துப் பதிவில் ஏறுவதும் அதுவே. ஸ்பானிய மொழிக்கு நிரந்தர ஊழியர் கிடையாது. அதனால் வெளியிலிருந்து அழைக்கப்பட்டவள் நான். கைதிக் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மலாயைக் கேட்டு, அந்தப் பெண்ணின் காதோரம் தணிந்த குரலில் ஸ்பானியத்தில் சொல்லிக்கொண்டே போவது என் வேலை. தமிழ், மலாய், ஸ்பானியம் என்று இரண்டு தாண்டல். நான் சத்தியப் பிரமாணம் எடுத்தது இரண்டாவது தாண்டலுக்கு மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால் நான் செந்தூலில் பிறந்து வளர்ந்தவள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம் படித்தேன் என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும். என் தாய்மொழி தமிழ் என்று யாரும் கேட்கவுமில்லை, நானும் சொல்லவில்லை. முதல் தாண்டலையும் என் காது கேட்டுக்கொண்டே இருந்தது.

விசாரணை தொடங்கும் முன்பே வழக்கறிஞரின் அனுமதியோடு அந்தப் பெண்ணிடம் ஒன்றை விளக்கியிருந்தேன். "நான் 'யோ' என்று சொன்னால் அது நான் இல்லை, சாட்சி." 'யோ' என்றால் 'நான்'. சாட்சி "நான் பார்த்தேன்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான் பார்த்தேன்" என்றே சொல்ல வேண்டும். "அவர் பார்த்ததாகச் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. புதிதாகக் கேட்பவருக்கு இது வேடிக்கையான விதியாகத் தோன்றலாம். ஆனால் மூன்று பேர் வரும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டால் காரணம் புரியும். "நான் அவகிட்ட கேட்டேன், அவ தெரியாதுன்னா" என்பதை "அவர் அவரிடம் கேட்டதாகவும் அவர் தெரியாது என்றதாகவும் சொல்கிறார்" என்று மாற்றினால் யார் யாரிடம் கேட்டார் என்பதே கரைந்துவிடுகிறது. ஸ்பானியத்தில் இன்னும் மோசம். 'அவரிடம்' என்பதற்கு அங்கே 'லே' என்ற ஒரே சிறு சொல்தான்; அது ஆணா பெண்ணா என்றுகூடக் காட்டாது.

மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், அப்போதுதான் படர்க்கை: "மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொள்கிறார்" என்று. அறையில் 'நான்' எப்போதும் சாட்சியினுடையது.

தன்மையில் பேசுவதில் ஸ்பானியம் வைத்திருக்கும் ஒரு கண்ணியில் அன்று காலையிலேயே மாட்டினேன். ஜாகா, "நான் மேசைகிட்ட உக்காந்திருந்தேன்" என்றார். தமிழில் 'உட்கார்ந்திருந்தேன்' என்பதற்கு ஆண், பெண் கிடையாது. ஸ்பானியத்தில் ஆண் சொன்னால் 'செந்தாதோ', பெண் சொன்னால் 'செந்தாதா'. என் குரல் பெண் குரல், பழக்கத்தில் 'செந்தாதா' என்று வந்துவிட்டது. அந்தப் பெண் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். யார் உட்கார்ந்திருந்தது, இன்னொரு பெண்ணா? உடனே "மொழிபெயர்ப்பாளரின் திருத்தம்" என்று சொல்லி 'செந்தாதோ' என்று மாற்றினேன். ஆண் சாட்சிக்காகப் பெண் 'நான்' என்று பேசும்போது, அந்த 'நான்' ஆணாகவே இருக்க வேண்டும். ஒரே ஓர் உயிரெழுத்துதான். ஆனால் ஒரு பெண்மணி இருந்தாரா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும் வழக்கில் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருவோம்.

ஜாகா "அவங்க வந்து..." என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றார். கண்ணைக் கீழே போட்டார். அப்புறம் "பேக்கை அந்த அம்மாகிட்ட குடுத்தாங்க சார்" என்று முடித்தார். ஜூருபாசா மலாயில் சொன்னது: "மெரேக்கா டாத்தாங் டான் செராக்கான் பேக் இத்து கெப்படா பெரெம்புவான் இத்து." அவர்கள் வந்து அந்தப் பெண்ணிடம் பையை ஒப்படைத்தார்கள் என்று பொருள்.

மலாயில் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 'மெரேக்கா' என்றால் பலர். 'டாத்தாங்' என்றால் வந்தார்கள். ஜாகா நின்ற அந்த ஒரு நொடியும் காணாமல் போய்விட்டது. அரசு வழக்கறிஞரின் கதையைத் தமிழ்ச் சாட்சி அப்படியே ஒப்பித்ததுபோல் ஆகிவிட்டது.

ஜூருபாசாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலையிலிருந்து அவர் ஒருவரே நின்று பேசிக்கொண்டிருந்தார். மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் இருவராக உட்கார்ந்து ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், ஏனென்றால் அதற்கு மேல் காது தேய்ந்துவிடும். இங்கே மாற்றாள் கிடையாது. அதோடு, தமிழிலிருந்து மலாய்க்குப் போகும்போது 'அவங்க' என்றதும் மனம் பன்மைக்குத் தாவுவது மிக இயல்பு. மலாயில் 'டியா' என்றால் ஒருவர், 'மெரேக்கா' என்றால் பலர். மரியாதைக்காக ஒருவரைப் பலராக்கும் நம் பழக்கத்துக்கு அங்கே இடம் இல்லை. தமிழ் தராத ஒரு முடிவை மலாய் கேட்டது, அவர் கொடுத்துவிட்டார்.

ஸ்பானியமும் அதே முடிவைத்தான் கேட்கிறது. 'என்த்ரெகோ' என்றால் ஒருவர் ஒப்படைத்தார். 'என்த்ரெகாரோன்' என்றால் பலர். ஆனால் அங்கே ஒரு சந்து உண்டு. 'எயோஸ்', அதாவது 'அவர்கள்' என்ற எழுவாயைச் சொல்லாமல் வெறுமனே "லே என்த்ரெகாரோன் லா மலேத்தா" என்றால், "யாரோ அவரிடம் பெட்டியைக் கொடுத்தார்கள்" என்ற பொருளும் வரும். அந்த யாரோ ஒருவராகக்கூட இருக்கலாம். கதவை ஒரே ஆள் தட்டினாலும் 'கதவைத் தட்டுகிறார்கள்' என்று பன்மையில் சொல்வது ஸ்பானியர்களின் இயல்பான பேச்சு. கிட்டத்தட்ட நம் 'அவங்க' போலவே இருக்கிறது, இல்லையா? எனக்கும் அந்த நொடியில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அது சரியில்லை. ஜாகாவின் 'அவங்க' யாரோ அல்ல. அவர் பார்த்த, மனதில் வைத்திருக்கிற ஆள். சந்துக்குள் நுழைந்திருந்தால் என் வாக்கியம் பிழையில்லாமல் தப்பித்திருக்கும், அந்தப் பெண்ணுக்கோ என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது. எழுத்துப் பதிவில் 'மெரேக்கா' நிற்கும். அவர் காதில் 'யாரோ' விழும். தன் வழக்கறிஞரிடம் "இது தப்பு" என்று சொல்லும் வாய்ப்பையே நான் பறித்திருப்பேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சாட்சியத்தைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்பது அவர் எதிர்வாதம் செய்வதற்காகத்தான், சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்காக இல்லை.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். இவ்வளவும் மனதில் ஓடி முடிவதற்குள் என் வாய் மலாயைப் பின்தொடர்ந்து "எயோஸ் வினியேரோன்", அதாவது "அவர்கள் வந்தார்கள்" என்று சொல்லிவிட்டது. அந்தப் பெண் தலையை வேகமாக ஆட்டினார். "இல்லை, யாரும் வரவில்லை, அவள் தனியாகத்தான் இருந்தாள்" என்று கிசுகிசுத்தார். அதன் பிறகுதான் கையை உயர்த்தினேன். முதலில் கையை உயர்த்திவிட்டு அப்புறம் பேசியிருக்க வேண்டும். இப்படிச் செய்ததால், அந்தப் பெண் மறுத்ததற்காக நான் எழுந்ததுபோல் ஒரு தோற்றம் வந்துவிட்டது. அரசு வழக்கறிஞர் அதைக் கவனித்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

எழுந்து சொன்ன சொற்களை முன்பே பல முறை மனதில் ஒத்திகை பார்த்திருக்கிறேன். "யாங் ஆரிஃப், ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார். மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழும் தெரியும். சாட்சி தமிழில் சொன்ன இரண்டு சொற்கள் இரு பொருள் படக்கூடியவை. ஸ்பானியத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியிருப்பதால் சாட்சியிடம் தெளிவு கேட்க வேண்டுகிறார்." 'தவறு' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. எந்தப் பொருள் சரி என்று எனக்குத் தோன்றியதோ அதையும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் சாட்சியாகிவிடுவேன். என்ன இரு பொருள் என்று நீதிபதி கேட்டார். 'அவங்க' என்பது மரியாதைக்கு ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். 'வந்து' என்பது வினையாகவும் இருக்கலாம், பேச்சில் வரும் இழுப்பாகவும் இருக்கலாம் என்றேன். ஜூருபாசா அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதியிடம், "ஆம், இரண்டும் சாத்தியம்" என்று மலாயில் சொன்னார். அது பெரிய மனது.

தெளிவு கேட்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. "ஒருத்தர்தானே?" என்று கேட்டால் பதிலை வாயில் ஊட்டியதாகிவிடும். நீதிபதியே கேள்வியை அமைத்தார். ஜூருபாசா அதைத் தமிழில் கேட்டார்: "அவங்கன்னு சொன்னீங்களே, யாரைச் சொல்றீங்க?"

"அந்தப் பொம்பளயத்தான் சார். கொஞ்சம் வயசானவங்க."

"எத்தனை பேர்?"

"ஒருத்தங்கதான்."

'ஒருத்தங்க' என்ற அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். எண்ணிக்கை ஒன்று, விகுதி பன்மை, பொருள் மரியாதை. முழுச் சிக்கலும் அதற்குள்ளேயே இருந்தது, தீர்வும் அதற்குள்ளேயே வந்தது. அடுத்து, அவர் எங்கிருந்தார் என்று கேட்டார்கள். "அங்கயேதான் சார், சோபாவுல. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தாங்க." ஆக, 'வந்து' வெறும் இழுப்பு. 'மெரேக்கா டாத்தாங்' பதிவில் திருத்தப்பட்டது. நானும் அந்தப் பெண்ணிடம் முன்பு சொன்னதைத் திருத்துவதாக முறையாகச் சொல்லி, வாக்கியத்தை மறுபடி சொன்னேன்: "எயா, எஸ்தே... லே என்த்ரெகோ லா மலேத்தா."

அந்த 'எஸ்தே' எதற்கு? லத்தீன் அமெரிக்காவில் பலர் யோசிக்கும்போது வாயில் வரும் இழுப்பு அது. நேர்ப்பொருள் 'இந்த'. நம் 'வந்து'வுக்கு வருவதோடு சம்பந்தம் இல்லாததுபோலவே அதற்கும் 'இந்த'வோடு சம்பந்தம் இல்லை. இழுப்பை இழுப்பாக, அதே இடத்தில் வைக்க வேண்டும். விட்டுவிட்டால் சாட்சி தயங்காமல் சொன்னதாக ஆகும். நானாக இன்னொன்றைச் சேர்த்தால் தடுமாறியதாக ஆகும். நின்ற ஒரு நொடியை நானும் நின்றே கடந்தேன்.

தயக்கம் எவ்வளவு கனமானது என்பது குறுக்கு விசாரணையில் தெரிந்தது. நேரம் கேட்டபோது ஜாகா சொன்னது: "ராத்திரி பத்து... பத்தரை இருக்கும்." மலாயில் வந்தது "லெபே கூராங் புக்குல் செபுலோ செத்தெங்ஙா", ஏறக்குறைய பத்தரை. முதலில் சொல்லிவிட்டு மாற்றிக்கொண்ட 'பத்து' விழுந்துவிட்டது. போலீசில் அவர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் இருந்ததோ பத்து மணி. அந்தப் பெண்ணின் வழக்கறிஞர் இரண்டையும் ஒப்பிட்டு முரண்பாடு என்று காட்டப் போகும்போது, இதே கூண்டில் நின்று அவர் பத்து என்று தொடங்கியதும் கணக்கில் இருக்க வேண்டும். இந்த முறை நான் பேசும் முன்பே கையை உயர்த்தினேன். ஜூருபாசா அண்ணன் தானே "செபுலோ... செபுலோ செத்தெங்ஙா" என்று திருத்திக்கொண்டார். இது அந்தப் பெண்ணுக்குச் சாதகமா பாதகமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய வழக்கறிஞருக்கு அது பிடிக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது, ஏனென்றால் முரண்பாடு கொஞ்சம் மெலிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்க்கக்கூடாது.

ஸ்பானியத்தில் அந்த வாக்கியம் எளிதாகவே போனது. 'பத்தரை இருக்கும்' என்பதில் உள்ள 'இருக்கும்' எதிர்காலமில்லை, ஊகம். ஸ்பானியத்திலும் கடந்த நேரத்தை ஊகிக்க ஒரு தனி வினை வடிவமே உண்டு: "செரியான் லாஸ் தியெஸ்... தியெஸ் இ மேதியா." 'சுமார்', 'ஏறக்குறைய' என்று எந்தச் சொல்லும் சேர்க்காமல் வினையே ஊகத்தைச் சுமக்கிறது, தமிழில் சுமப்பதுபோலவே. இடையில் இருந்த மலாய் வழியாகப் போயிருந்தால் 'லெபே கூராங்'கை மொழிபெயர்த்து வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அதுவும் தப்பில்லை, ஆனால் சாட்சியின் சொல் அது இல்லை.

இடைவேளையில் ஜூருபாசா அண்ணன் வராந்தாவில் என்னைத் தேடி வந்தார்.

"ஏம்மா, தமிழ் தெரியும்னு காலையிலயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும்ண்ணே. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு என்ன. ரெண்டு காது இருந்தா நல்லதுதானே. ஆனா இதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் போச்சே, அதுல என்னென்ன போச்சோ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் குறிப்பேட்டில் தயக்கங்களுக்கு நான் போடும் அலைக்கோடுகள் இருந்தன. ஆனால் அவை மலாயில் வந்த தயக்கங்கள், அதாவது அண்ணனின் தயக்கங்கள். ஜாகாவின் தயக்கங்கள் ஒலிப்பதிவில் இருக்கும். யாராவது கேட்டால்தான் அது திறக்கப்படும்.

பிற்பகலில் நீதிபதியின் அனுமதியோடு தமிழுக்கும் சத்தியப் பிரமாணம் எடுத்தேன். அண்ணன் தமிழிலிருந்து மலாய்க்கு உரக்கச் சொல்வார், நான் அதே தமிழிலிருந்து நேராக ஸ்பானியத்துக்குக் கிசுகிசுப்பேன். ஒரு தாண்டல் குறைந்தது. ஆனால் புதிதாக ஒரு பொறுப்பு வந்தது. பதிவு கேட்பது ஒன்று, அந்தப் பெண் கேட்பது இன்னொன்று என்று ஆகிவிடக்கூடாது. என் காதில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் மலாய், வாயில் ஸ்பானியம். இரண்டும் விலகினால் உடனே கையை உயர்த்த வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட இடைவெளி கேட்டோம், கிடைத்தது.

அடுத்த சாட்சி ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் ஓர் அம்மா. "நாங்க ரெண்டு பேரு, லிஃப்டுல ஏறுனோம்" என்றார். மறுபடியும் ஸ்பானியம் தன் கேள்வியைக் கேட்டது: இருவரும் பெண்களென்றால் 'நொசோத்ராஸ்', ஒருவர் ஆணென்றால் 'நொசோத்ரோஸ்'. ஒரு பெண் வாயிலிருந்து 'நொசோத்ரோஸ்' வந்தால் கேட்பவர் மனதில் ஓர் ஆண் வந்து நின்றுவிடுவார். இங்கே நான் கையை உயர்த்தவில்லை. "ஏராமோஸ் தோஸ், சுபிமோஸ் அல் அசென்சோர்" என்றேன். இருந்தது இரண்டு பேர், லிஃப்டில் ஏறினோம். தமிழ் சொல்லாததை அதுவும் சொல்லவில்லை, தமிழ் சொன்னது எதையும் மறைக்கவும் இல்லை. காலையில் பார்த்த சந்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கூட இருந்தது யார் என்று வழக்கறிஞர் கேட்டார்.

"என் தங்கச்சி மக சார். அவளும் அங்கதான் வேலை பாக்குறா."

ஸ்பானியத்தில் 'சொப்ரீனா' என்ற ஒரே சொல் போதும். ஆனால் அது அண்ணன் மகளுக்கும் அக்கா மகளுக்கும் பொருந்தும். அந்த அம்மா சொன்னது தங்கச்சி மகள். "லா இஹா தே மி எர்மானா மெனோர்" என்றேன். என் இளைய சகோதரியின் மகள். குற்றம் சாட்டப்பட்ட பெண் தலையை அசைத்து, தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.